ஹர்ரா வாய்க்கால் வழக்கு: சமரசம் எங்கே முடிகிறது, தீர்ப்பு எங்கே தொடங்குகிறது

மதீனாவை ஒட்டி ஹர்ரா என்றொரு கருங்கல் பூமி இருக்கிறது. எரிமலைக் குழம்பு ஆறி உறைந்த தரை அது. மழை பெய்தால் அந்தப் பாறையில் தண்ணீர் நிற்காது. வழிந்து, ஓடைகளாகத் திரண்டு, கீழே இருக்கும் பேரீச்சந் தோட்டங்களுக்குள் இறங்கும். அப்படி இறங்கும் ஓர் ஓடையில் தலைமடையில் ஸுபைர் (ரலி) அவர்களின் தோட்டம் இருந்தது. அதற்குக் கீழே மதீனாவாசியான ஓர் அன்சாரித் தோழரின் தோட்டம். ஸுபைர் தண்ணீரைத் தன் தோட்டத்தில் தேக்கி வைத்தார். கீழே இருந்தவர், "தண்ணீரை விடு, ஓடட்டும்" என்றார். ஸுபைர் விடவில்லை. வழக்கு நபி (ஸல்) அவர்களிடம் போனது.

வாய்க்கால் பாசனம் தெரிந்தவர்களுக்கு இந்தச் சண்டையை விளக்க வேண்டியதே இல்லை. தலைமடைக்காரர் மடையைத் திறக்க மறுப்பதும் கடைமடைக்காரர் மண்வெட்டியோடு வந்து நிற்பதும் நம் ஊரிலும் ஆண்டுதோறும் நடப்பதுதான். ஆனால் இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் இந்த வழக்கைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பேசியதற்குத் தண்ணீர் மட்டும் காரணம் இல்லை. ஒரே ஆள், ஒரே வழக்கில், ஒரே அமர்வில் இரண்டு முடிவுகள் சொன்னார். முதலில் சொன்னது ஒரு வகை, இரண்டாவது சொன்னது வேறு வகை. அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் சமரசத்துக்கும் தீர்ப்புக்கும் உள்ள வேறுபாட்டில் பாதி புரிந்துவிடும்.

முதலில் நபி (ஸல்) சொன்னது: "ஸுபைரே, நீர் பாய்ச்சிக்கொள்ளும். பிறகு தண்ணீரை உம் பக்கத்துத் தோட்டக்காரருக்கு விட்டுவிடும்."

அன்சாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "அவர் உங்கள் அத்தை மகன் என்பதாலா?" என்று கேட்டார். உறவு உண்மைதான். ஸுபைரின் தாய் ஸஃபிய்யா, நபி (ஸல்) அவர்களின் தந்தையோடு பிறந்தவர். கேட்டவரும் ஏதோ போக்கிரி இல்லை, பத்ர் போரில் கலந்துகொண்டவர் என்று நபிமொழித் தொகுப்பாளர் புகாரியின் ஓர் அறிவிப்பு சொல்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்டதும் நபி (ஸல்) அவர்களின் முகம் நிறம் மாறியது. அப்புறம் சொன்னார்: "ஸுபைரே, நீர் பாய்ச்சும். வரப்பு வரைக்கும் ஏறும்வரை தண்ணீரைத் தடுத்து வையும்." அதற்குப் பிறகுதான் கீழே விட வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே என்ன மாறியது என்பதை ஸுபைரின் மகன் உர்வா தெளிவாகச் சொல்கிறார். முதலில் சொன்னது இருவருக்கும் தாராளமாக அமையட்டும் என்று காட்டிய ஒரு யோசனை. அன்சாரி கோபமூட்டிய பிறகு, நபி (ஸல்) ஸுபைருக்கு அவருடைய உரிமையை முழுதாக, வெளிப்படையான தீர்ப்பில் கொடுத்துவிட்டார்கள். புகாரி இந்தச் சம்பவத்தைச் சமரசம் பற்றிய பகுதியிலேயே வைத்திருக்கிறார். தலைவர் சமரசம் காட்டி, ஒரு தரப்பு மறுத்தால், தெளிவான சட்டப்படி தீர்ப்பளிப்பார் என்பதுதான் அவர் அதற்குக் கொடுத்த தலைப்பு.

இப்போது அன்சாரியின் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். அவர் செய்த தவறு வெறும் மரியாதைக் குறைவு மட்டும்தானா? சட்டக் கண்ணோடு பார்த்தால் அதற்கு முன்பே இன்னொரு பிழை இருக்கிறது. தலைமடைக்காரருக்கு முன்னுரிமை என்பதுதான் சட்டம். அப்படியானால் "பாய்ச்சிவிட்டு விட்டுவிடும்" என்ற முதல் சொல், ஸுபைரின் பங்கிலிருந்து ஒரு பகுதியை எடுத்து அன்சாரிக்குக் கொடுத்தது. தேக்கி வைக்கும் உரிமையை விட்டுக்கொடுங்கள் என்று ஸுபைரிடம்தான் கேட்கப்பட்டது. அன்சாரியோ அதைத் தனக்கு எதிரான தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டார். தனக்குக் கிடைத்த சலுகையைத் தன்னிடமிருந்து பறித்ததாக நினைத்தார். சலுகையை ஏற்க மறுத்தவுடன் அது இல்லாமல் போய்விட்டது. சமரசத்துக்கு இரண்டு கை வேண்டும். ஒரு கை விலகியதும் மிஞ்சியது சட்டம் மட்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் சொல்லில் அளவு இல்லை. எவ்வளவு பாய்ச்சுவது, எப்போது விடுவது என்பதெல்லாம் இரண்டு பக்கத்துத் தோட்டக்காரர்களின் நல்ல மனதுக்கு விடப்பட்டது. இரண்டாவது சொல்லில் அளவு வந்துவிட்டது: வரப்பு வரைக்கும். அந்த அளவைப் பிற்காலத்தவர் சும்மா விடவில்லை. அறிவிப்பாளர் இப்னு ஷிஹாப் ஸுஹ்ரி சொல்கிறார்: அன்சாரிகளும் மற்றவர்களும் அந்தச் சொல்லை அளந்து பார்த்தார்கள், அது கணுக்கால் அளவு வந்தது. மதீனாவின் மஹ்ஸூர், முஸைனிப் என்ற வெள்ள ஓடைகளைப் பற்றிச் சட்ட அறிஞர் மாலிக் பதிவு செய்த முடிவும் அதேதான். மேலே இருப்பவர் கணுக்கால் வரை தேக்கிவிட்டுக் கீழே விட வேண்டும்.

யாரோ ஒருவர் தோட்டத்தில் இறங்கி, வரப்பின் உயரத்தைத் தன் காலோடு ஒட்டிப் பார்த்திருக்கிறார். அந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும். ஏன் அளந்தார்கள்? தீர்ப்பு அடுத்த வழக்குக்கும் பயன்படும் என்பதால்தான். முதலில் சொன்ன யோசனையை யாரும் அளக்கவில்லை. அது அந்த இருவருக்கு, அந்த ஒரு நாளுக்கு மட்டும் சொன்னது. அவர்களே ஏற்கவில்லை என்றால் வேறு யாருக்கும் அதில் வேலை இல்லை.

பாதிக் கடன்

ஹர்ராவில் உடைந்த சமரசம் வேறோர் இடத்தில் ஒட்டியது. கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களுக்கு இப்னு அபீ ஹத்ரத் என்பவர் கடன் தர வேண்டியிருந்தது. கஅப் அதைப் பள்ளிவாசலுக்குள்ளேயே கேட்டார். குரல் உயர்ந்தது. வீட்டுக்குள் இருந்த நபி (ஸல்) அவர்களுக்குச் சத்தம் கேட்டு, திரையை விலக்கி, "கஅபே" என்று கூப்பிட்டு, பாதியைத் தள்ளிவிடும்படி கையால் காட்டினார்கள். "தள்ளிவிட்டேன்" என்றார் கஅப். உடனே கடன்காரரைப் பார்த்து, "எழுந்து போய் மீதியைக் கொடு" என்றார்கள்.

இதைச் சட்டக்காரர்கள் ஒப்புக்கொண்ட பாக்கியின் மேல் செய்த சுல்ஹு என்பார்கள். சுல்ஹு என்றால் சமரசம். கடன் இருப்பதில் இங்கே தகராறு இல்லை. பாதியைத் தள்ளியது யார் என்று பாருங்கள். கையைக் காட்டியவர் தள்ளவில்லை, கடன் கொடுத்தவர்தான் தள்ளினார். "தள்ளிவிட்டேன்" என்ற அவருடைய ஒரு சொல் இல்லாமல் அந்தப் பாதி எங்கேயும் போயிருக்காது. நீதிபதி எவ்வளவு பெரியவராக இருந்தாலும் ஒருவருக்குச் சேர வேண்டிய கடனில் பாதியைத் தீர்ப்பால் அழிக்க முடியாது. அதே சமயம் மீதிப் பாதியைப் பற்றிய சொல்லில் வேண்டுகோள் எதுவும் இல்லை. "எழுந்து போய்க் கொடு" என்பது கட்டளை. ஒரு நிமிடத்துக்குள் கைச்சாடையும் கட்டளையும் அடுத்தடுத்து வந்திருக்கின்றன. ஒன்று கொடுத்தவரின் மனதைக் கேட்டது. மற்றது வாங்கியவரின் மனதைக் கேட்கவில்லை.

ஒப்புக்கொள்ளாதவரோடு சமரசம்

எதிராளி "எனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை" என்று மறுக்கும்போது செய்யும் சமரசத்தில்தான் சட்டம் சிக்கலாகிறது. ஃபிக்ஹு என்னும் இஸ்லாமியச் சட்ட நூல்கள் வழக்கமாக ஜைது, அம்ரு, பக்ரு என்ற பெயர்களை வைத்துத்தான் கணக்குப் போடும். நாமும் அப்படியே போடலாம்.

ஜைது ஒரு வீட்டில் குடியிருக்கிறார். "அது என் வீடு" என்று அம்ரு வழக்குப் போடுகிறார். ஜைது மறுக்கிறார். அம்ருவிடம் சாட்சி இல்லை. சாட்சி கொண்டுவருவது வாதியின் பொறுப்பு, மறுப்பவர் சத்தியம் செய்ய வேண்டும் என்பது விதி. ஆக, ஜைது அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டுச் சொன்னால் வழக்கு முடிந்தது. ஆனால் நேர்மையான ஆட்கள்கூடச் சத்தியம் என்றால் தயங்குவார்கள். "200 திர்ஹம் தருகிறேன், வழக்கை விட்டுவிடு" என்கிறார் ஜைது. அம்ரு வாங்கிக்கொள்கிறார்.

இது செல்லுமா? மத்ஹப் எனப்படும் நான்கு சட்டப் பள்ளிகளில் ஹனஃபி, மாலிகி, ஹன்பலி அறிஞர்கள் செல்லும் என்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் செல்லாது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் ஷாஃபிஈகள் அதிகம், உள்நாட்டு ஊர்களில் ஹனஃபிகள் அதிகம். அதனால் தமிழ் முஸ்லிம்களுக்கு இது வெறும் ஏட்டுக் கருத்து வேறுபாடு இல்லை. ஷாஃபிஈ தரப்பின் வாதம் எளிமையானது. அம்ருவின் வழக்குப் பொய் என்றால் ஒன்றுமில்லாததற்குக் காசு வாங்குகிறார். அவருடையதாக நிரூபணமாகாத ஒன்றை அவர் விற்பது எப்படி? ஹனஃபி தரப்பு வேறு வழியாக வருகிறது. இந்த 200 திர்ஹம் இரண்டு பக்கத்திலும் ஒரே பொருளாக இருக்க வேண்டியதில்லை என்கிறது. அம்ருவின் கணக்கில் அது தன் வீட்டுக்குக் கிடைத்த மாற்று. ஜைதின் கணக்கிலோ சத்தியம் செய்யாமல் தப்பவும் வழக்கை முடிக்கவும் கொடுத்த மீட்புத்தொகை.

கேட்க வார்த்தை ஜாலம் போலத் தோன்றும். விளைவுகளைப் பின்தொடர்ந்து போனால்தான் அதன் கூர்மை தெரியும். ஹனஃபி சட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரருக்கு முன்வாங்கும் உரிமை உண்டு. ஒரு வீடு விலைபோனால் அதே விலைக்கு "எனக்குத் தா" என்று அவர் கேட்கலாம். ஜைது "ஆமாம், உன் வீடுதான்" என்று ஒப்புக்கொண்டு 200 திர்ஹம் கொடுத்திருந்தால் அது விற்பனைதான். பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே வரலாம். மறுத்துக்கொண்டே கொடுத்ததால் ஜைதைப் பொறுத்தவரை வீடு கைமாறவே இல்லை, அது எப்போதும் அவருடையதுதான். பக்கத்து வீட்டுக்காரருக்கு வேலை இல்லை.

சரி, கொஞ்ச நாள் கழித்து பக்ரு என்று மூன்றாவது ஆள் சாட்சிகளோடு வந்து வீடு தன்னுடையது என்று நிரூபித்துவிட்டால்? அம்ரு 200 திர்ஹத்தையும் ஜைதிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேண்டுமானால் தன் உரிமைக் கோரிக்கையை இனி பக்ருவிடம் தொடரலாம். அம்ரு காசு வாங்கியது ஜைதின் கையில் இருந்த வீட்டுக்கு. அந்த வீடே ஜைதின் கையை விட்டுப் போன பிறகு காசு அம்ருவிடம் நிற்க நியாயம் இல்லை.

இத்தனையிலும் வீடு உண்மையில் யாருடையது என்று யாருமே சொல்லவில்லை என்பதைக் கவனித்தீர்களா? தீர்ப்பு என்றால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். சமரசம் அந்தக் கேள்வியைத் தொடாமல் அப்படியே மூடிவைக்கும். அதனால்தான் உரிமை யாருடையது என்று பளிச்சென்று தெரிந்த பிறகும் நீதிபதி ஆட்களைச் சமரசத்துக்குத் தள்ளிக்கொண்டிருப்பதைப் பல அறிஞர்கள் விரும்பவில்லை. "வழக்காளிகள் சமரசமாகும்வரை திருப்பி அனுப்புங்கள், தீர்ப்பு அவர்களுக்குள் பகையை உண்டாக்கும்" என்று உமர் (ரலி) சொன்னதாக வருவதை ஹனஃபி நூல்கள் எடுத்தாள்கின்றன. ஆனால் அதற்கு வரம்பும் வைக்கின்றன. ஒப்புக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை இருந்தால் ஒரு முறை, இரண்டு முறை அனுப்பலாம். அதற்கு மேல் இழுத்தடித்தால் உரிமையுள்ளவர் சலித்துப்போய் விட்டுக்கொடுப்பார். அது மனமொப்பி விட்டதாகாது. 1876-இல் முடிக்கப்பட்ட ஒஸ்மானியச் சட்டத் தொகுப்பான மஜல்லாவும் இதே ஓரிரு முறை என்ற அளவைத்தான் எழுதி வைத்தது.

ஹர்ராவுக்கு நேர் எதிர்த் திசையில் போன ஒரு வழக்கும் உண்டு. பழைய வாரிசுச் சொத்து ஒன்றுக்காக இரண்டு பேர் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். இருவரிடமும் சாட்சி இல்லை, வெறும் வாதம்தான். "உங்களில் ஒருவர் வாதத்தில் கெட்டிக்காரராக இருக்கலாம். நான் கேட்டதை வைத்துத் தீர்ப்பளிப்பேன். சகோதரனின் உரிமையை அப்படி யாருக்காவது கொடுத்துவிட்டால் அவர் அதை எடுக்க வேண்டாம், அது நெருப்புத் துண்டு" என்றார்கள். கேட்டதும் இருவரும் அழுதுவிட்டார்கள். "என் பங்கு உனக்கே" என்று ஒவ்வொருவரும் மற்றவரிடம் சொன்னார்கள். "அப்படியானால் பங்கு பிரியுங்கள், முடிந்தவரை சரியாகப் பிரியுங்கள், சீட்டுக் குலுக்குங்கள், ஒருவருக்கொருவர் மன்னித்து விட்டுக்கொடுங்கள்" என்று வழி சொல்லப்பட்டது. அபூதாவூத் இதைப் பதிவு செய்கிறார். தீர்ப்பு கேட்க வந்தவர்கள் சமரசத்தோடு திரும்பினார்கள். பங்கு சரியாக இருக்கிறதா என்று நிரூபிக்க வழியே இல்லாததால்தான் கடைசியில் அந்த மன்னிப்பு வருகிறது. தெரியாமல் ஒருவர் பங்கு மற்றவரிடம் போயிருந்தால் அந்த ஒரு சொல் அதைச் சரி செய்துவிடும். தீர்ப்பால் அதைச் செய்ய முடியாது.

காலில் அடிபட்ட குதிரை

சமரசத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று நிற்கிறது. தஹ்கீம் என்பார்கள். வழக்காளிகள் இருவரும் சேர்ந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்து "நீ சொல்" என்பது. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஹகம்.

இதற்கு எல்லோரும் சொல்லும் கதை உமர் (ரலி) அவர்களின் குதிரை. ஒருவரிடம் குதிரை வாங்கப் பேசி, ஓட்டிப் பார்க்க எடுத்துக்கொண்டார். ஓட்டும்போது அதற்கு அடிபட்டுவிட்டது. "உன் குதிரையை எடுத்துக்கொள்" என்றார் உமர். "முடியாது" என்றார் குதிரைக்காரர். உமர் அப்போது கலீஃபா. தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்க முடியாது. "நமக்கு நடுவில் ஒருவரைச் சொல்" என்றார். குதிரைக்காரர் ஷுரைஹ் என்பவரைச் சொன்னார். ஷுரைஹ் இரு தரப்பையும் கேட்டுவிட்டு, "வாங்கியதை வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எடுத்தது போலவே திருப்பிக் கொடுங்கள்" என்றார். அடிபட்ட குதிரையை எடுத்தது போலத் திருப்ப முடியாதே. ஆக விலை உமர் தலையில். உமர் அந்த முடிவை ஏற்றதோடு ஷுரைஹை கூஃபா நகருக்கு காஜியாகவும், அதாவது ஆட்சி நியமித்த நீதிபதியாகவும் அனுப்பினார்.

இதில் நான் நின்று பார்க்கும் இடம் கடைசி வரி. காலையில் ஷுரைஹ் ஹகம், பிறகு காஜி. அறிவு அதே அறிவு, ஆள் அதே ஆள். ஆனால் அவர் சொல்லும் சொல்லின் எடை மாறிவிட்டது. குதிரை வழக்கில் அவருக்கு அதிகாரம் கொடுத்தவர்கள் இருவர், உமரும் குதிரைக்காரரும். கூஃபாவில் அவருக்கு அதிகாரம் கொடுத்தது ஆட்சி. அங்கே எதிராளி "இவரை எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்லித் தப்ப முடியாது.

இந்த வேறுபாட்டை ஹனஃபி நூல்கள் இன்னொரு விற்பனைக் கணக்கால் காட்டுகின்றன. ஒருவர் வாங்கிய பொருளில் குறை தெரிகிறது. விற்றவரோடு தகராறு. இருவரும் ஒரு ஹகமிடம் போக, "குறை இருக்கிறது, திருப்பி எடுத்துக்கொள்" என்று முடிவாகிறது. விற்றவர் திருப்பி எடுக்க வேண்டும், அதில் மறுபேச்சு இல்லை. இப்போது அவர் தனக்கு அதை விற்ற முந்தின ஆளிடம் போய், "ஹகமே குறை என்று சொல்லிவிட்டார், நீயும் திருப்பி எடு" என்று கேட்டால்? முடியாது. முந்தின ஆள் அந்த ஹகமை ஏற்கவே இல்லை. அவரைப் பொறுத்தவரை அது இரண்டு பேர் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. அதே முடிவைக் காஜி சாட்சிகளைக் கேட்டுச் சொல்லியிருந்தால் அதை வைத்து முந்தின ஆளிடம் வழக்குத் தொடுக்க வழி உண்டு. காஜியின் அதிகாரம் எல்லோர் மேலும் இருக்கிறது. தவறுதலாக நடந்த கொலைக்கான நட்டஈட்டிலும் இதே தர்க்கம்தான். அதைக் கொலை செய்தவரின் குலத்தார் சேர்ந்து கட்ட வேண்டும். அவர்கள் ஒப்பாத ஹகம் அவர்கள் மேல் அதைச் சுமத்த முடியாது.

ஹகமை விலக்க முடியுமா? ஹனஃபி சட்டப்படி, அவர் முடிவு சொல்லும் நொடிவரை எந்தத் தரப்பும் விலகலாம். மஜல்லாவின் 1847-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. சொல்லிவிட்டால் விலக முடியாது, இருவரையும் கட்டும். நடைமுறையில் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. விசாரணை போகிற போக்கைப் பார்த்துத் தோற்கப்போகிறோம் என்று தெரிந்தவர் முடிவுக்கு முந்தின இரவு விலகிக்கொள்ளலாம். மாலிகிகளில் பலர் விசாரணை தொடங்கிய பிறகு விலக இடம் தரவில்லை. மஜல்லாவிலேயே ஒரு வழி உண்டு. காஜி அந்த ஹகமை உறுதிசெய்துவிட்டால், அவர் காஜியின் பிரதிநிதி போல ஆகிவிடுவார், பிறகு தனியாக யாரும் அவரை விலக்க முடியாது. தேர்ந்தெடுத்தவர்கள் கொடுத்த அதிகாரத்தின் மேல் ஆட்சியின் அதிகாரமும் ஏறிவிட்டது என்பதே அதன் பொருள்.

முடிவு வந்த பின்னும் ஒரு வேறுபாடு இருக்கிறது. அதுதான் எனக்கு மிக நுட்பமாகத் தோன்றுவது. அறிஞர்களுக்குள் இரண்டு கருத்து உள்ள ஒரு விஷயத்தில் ஒரு காஜி ஒரு கருத்தை எடுத்துத் தீர்ப்பளித்துவிட்டால், மாற்றுக் கருத்துடைய அடுத்த காஜி அதைக் கலைக்க முடியாது. தீர்ப்பு அந்த வழக்கில் கருத்து வேறுபாட்டையே முடித்துவைக்கிறது. ஹகமின் முடிவு காஜியிடம் வந்தால் நிலைமை வேறு. தன் மத்ஹபுக்கு ஒத்திருந்தால் அமல்படுத்துவார், ஒத்துவரவில்லை என்றால் ரத்து செய்வார் என்பது ஹனஃபி நிலை.

விலைபேச முடியாதவை

ஒப்புக்கொண்டுவிட்டால் எதையும் சமரசம் செய்யலாமா? முடியாது என்பதற்கு நூறு ஆடுகள் சாட்சி. ஒருவரிடம் கூலிக்கு இருந்த இளைஞன் அவருடைய மனைவியோடு தவறு செய்துவிட்டான். மகனுக்குக் கல்லெறி தண்டனை என்று யாரோ சொல்லக் கேட்டு, தந்தை அந்தக் கணவருக்கு 100 ஆடுகளும் ஓர் அடிமைப் பெண்ணும் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டார். இரு தரப்பும் மனமொப்பித்தான் கொடுத்தார்கள், வாங்கினார்கள். பிறகு நபி (ஸல்) அவர்களிடம் வந்து கேட்டபோது, ஆடுகளும் அடிமைப் பெண்ணும் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டும் என்று முடிவானது. புகாரி இதையும் சமரசப் பகுதியிலேயே வைத்து, அநீதியான சமரசம் தள்ளப்படும் என்கிறார்.

காரணம் இதுதான். அந்தக் கணவருடைய கையில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. சட்டம் அந்தத் தண்டனையை அவருடைய சொத்தாகக் கணக்கிடவில்லை. தண்ணீர் ஸுபைருடையது, கடன் கஅபுடையது. அவர்கள் விட்டுக்கொடுக்கலாம். தன்னுடையது அல்லாததை ஒருவர் எவ்வளவு மனமுவந்து விட்டாலும் அது விட்டதாகாது. சிறு பிள்ளையின் வாரிசுப் பங்கை மாமனோ சித்தப்பாவோ "குடும்ப அமைதிக்காக" விட்டுக்கொடுக்கும் சமரசங்கள் உடைவதும் இங்கேதான்.

தலைப்பில் "தீர்ப்பு" என்று எழுதிய தாள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சொத்துத் தகராறில் ஜமாஅத் எழுதிக் கொடுத்த ஒரு தாளைப் பார்க்க நேர்ந்தது. லெட்டர்பேடு, மேலே பெரிய எழுத்தில் "தீர்ப்பு" என்ற தலைப்பு, கீழே நிர்வாகிகளின் கையெழுத்து. அண்ணன் கடையை வைத்துக்கொள்ள வேண்டும், தம்பிக்குப் பணம் தர வேண்டும் என்று இருந்தது. அண்ணன் கையெழுத்துப் போட்டிருந்தார். தம்பியின் பெயருக்கு எதிரே வெற்றிடம். "ஊர் சொல்லிவிட்டது, அவர் கட்டுப்பட வேண்டும்" என்றார்கள் அங்கிருந்தவர்கள்.

அந்தத் தாளைப் பழைய சட்டத்தின் கண்ணால் பாருங்கள். சுல்ஹு என்றால் தம்பியின் கையெழுத்து இல்லை. தஹ்கீம் என்றால் நிர்வாகிகளை ஹகமாக ஏற்கிறேன் என்று அவர் முன்பே சொன்னதற்கு எழுத்து இல்லை, முடிவுக்கு முன்பே அவர் எழுந்து போய்விட்டார் என்றும் சொன்னார்கள். தீர்ப்பு என்றால் ஆட்சி நியமித்த காஜி அங்கே யாரும் இல்லை. தலைப்பில் இருந்த அந்த ஒரு சொல்தான் இவை எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டிருந்தது.

இந்தியாவில் நாட்டுச் சட்டமும் இதை வேறு வழியில் சொல்லிவிட்டது. 1880-ஆம் ஆண்டின் காஜிகள் சட்டத்தின்படி நியமிக்கப்படும் காஜிக்கு அந்த நியமனத்தால் எந்த நீதி அதிகாரமும் வராது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஷரீஅத் மன்றங்களின் முடிவுகளையும் ஃபத்வாக்களையும் யார் மேலும் திணிக்க முடியாது, சட்டப்படி அவை யாரையும் கட்டாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. பாக் நீரிணையைக் கடந்தால் நிலைமை வேறு. இலங்கையில் 1951-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண விவாகரத்துச் சட்டத்தின் கீழ் நியமிக்கப்படும் காதி, பராமரிப்பு, மஹர், விவாகரத்து வழக்குகளில் உண்மையிலேயே நீதி அதிகாரம் உள்ளவர். ஒரே அரபுச் சொல் இங்கே காஜி, அங்கே காதி. இங்கே அவர் நிக்காஹ் பதிவேட்டோடு நிற்கிறார், அங்கே அவர் உத்தரவு போடுகிறார்.

அந்தக் கடைத் தகராறு எப்படி முடிந்தது என்றால், ஆறு மாதம் கழித்து ஜமாஅத்திலேயே இருந்த ஒரு பெரியவர் தம்பியை வீட்டில் போய்ப் பார்த்தார். தாளை எடுத்துப் போகவில்லை. "உனக்கு எது விட்டுக்கொடுக்க முடியும், எது முடியாது?" என்று மட்டும் கேட்டாராம். கடையை விட்டுவிடலாம், ஆனால் வாப்பா கடைக்குப் பின்னால் வைத்த கிணற்றில் தண்ணீர் எடுக்கும் உரிமை வேண்டும் என்றார் தம்பி. பழைய தாளில் கிணற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. புதுத் தாளில் முதல் வரியே கிணறுதான். தலைப்பில் "சமரச ஒப்பந்தம்" என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.